இரண்டரை லட்சம் பேரைக் கேட்டும் தப்பிய கணக்கு

கூகுள் ஃபார்ம் ஒன்றை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டு, வந்த பதில்களைக் கூட்டி ‘ஊர் மக்கள் கருத்து’ என்று போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பதில் குறைவு என்பதல்ல என் ஆட்சேபம். ஸ்மார்ட்போன் இல்லாதவரிடம் அந்தக் கேள்வியே போய்ச் சேரவில்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 1000 பெரியவர்கள். 600 பேரிடம் ஸ்மார்ட்போன் உண்டு, 400 பேரிடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கேள்வி இதுதான்: ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் வெறுங்கையோடு திரும்பியதுண்டா? போன் உள்ளவர்களில் 20 சதவீதம் பேர் ஆம் என்கிறார்கள். இல்லாதவர்களில் வயதானவர்களும், மண்ணிலும் சிமென்ட்டிலும் உழைத்து ரேகை தேய்ந்தவர்களும் அதிகம் என்பதால் அங்கே 50 சதவீதம். 120 பேரும் 200 பேரும் சேர்ந்து 320. ஊரின் உண்மை நிலை 32 சதவீதம். ஃபார்ம் காட்டுவதோ 20.

விடுபட்ட 12 எங்கிருந்து வருகிறது? எட்டாதவர்களின் பங்கு 40 சதவீதம். இரு தரப்புக்கும் இடையே உள்ள வித்தியாசம் 30. இரண்டையும் பெருக்கினால் 12. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பது இந்தப் பெருக்கலில் வரவே இல்லை, கவனியுங்கள். 60 பேர் நிரப்பினாலும் 600 பேர் நிரப்பினாலும் விடை 20-ஐச் சுற்றியேதான் நிற்கும். ஆள் கூடக்கூட அந்தத் தப்பான 20 இன்னும் உறுதியானதாகத் தெரியும், அவ்வளவுதான்.

2021-இல் அமெரிக்காவில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெல்ஃபி குழு ஃபேஸ்புக் வழியாக வாரத்துக்குச் சுமார் 2,50,000 பேரிடம் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டது. மே மாதத்தில் அதன் விடை உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூடுதல். ஆக்சியோஸ்–இப்சாஸ் என்ற இன்னொரு கருத்துக்கணிப்பு கேட்டது சுமார் 1,000 பேரிடம்தான். அது உண்மையை ஒட்டியே வந்தது. அவர்கள் வீட்டு முகவரிகளிலிருந்து குலுக்கல் முறையில் ஆளெடுத்தார்கள். இணையம் இல்லாத வீட்டுக்கு டேப்லெட்டும் இணைப்பும் அவர்களே கொடுத்தார்கள்.

‘வயதுவாரியாக எடை கொடுத்துச் சரிசெய்துவிட்டோம்’ என்பார்கள். டெல்ஃபியும் வயது, பாலினத்துக்கு எடை கொடுத்ததுதான். 65 வயதில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரை மூன்று பேராக எண்ணினாலும், அதே வயதில் களையெடுக்கப் போகும் அம்மாவின் தேய்ந்த விரலுக்கு அவர் பதில் சொல்ல முடியாது. வீட்டில் ஒரு போன் இருந்து அது மகன் கையிலேயே இருந்தாலும் இதே கதைதான்.

ஊரளவில் செய்ய வழி இருக்கிறது. 1000 பேர் கொண்ட வாக்காளர் பட்டியலில் 100 பேர் வேண்டுமென்றால், முதல் பத்துப் பெயரில் ஒன்றைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு பத்தாவது பெயரையும் தேடிப் போங்கள். ஆள் இல்லையென்றால் மாலையில் ஒருமுறை, ஞாயிறன்று ஒருமுறை போங்கள். பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவரும் வேலைக்குப் போனவரும் ஒன்றல்ல. கடைசியாக, ‘உங்களுக்கென்று ஸ்மார்ட்போன் உண்டா, நீங்களே திறந்து படிப்பீர்களா?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உண்டு என்றவர், இல்லை என்றவர் இரு தரப்பின் விடையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், அந்தக் கேள்விக்கு வாட்ஸ்அப் ஃபார்மே போதும். விலகி வந்தால் மொத்த விடையோடு இரண்டையும் தனித்தனியே வெளியிடுங்கள்.