பறவைகளை வெட்டினேன், கார் தட்டியது போய்விட்டது

தொடர்கதை எழுதுகிற நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. எழுதியதில் மூன்றில் ஒரு பங்கை வெட்டு, தானாகச் சரியாகிவிடும் என்பார்கள். போன மாதம் அதை அப்படியே செய்து மாட்டிக்கொண்டேன். வெட்டுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. எதை முதலில் எடுத்து வைத்துவிட்டு வெட்ட ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் எனக்கு இப்போது வேறு கருத்து.

நான் எழுதும் தொடரில் பெரியசாமி என்று ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர். மூன்றாம் பகுதி முடியும்போது, "அப்பா, அம்மாவோட வளையல் எங்கே?" என்று மகள் கேட்கிறாள். அங்கே நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்து நான்காம் பகுதியின் வரைவை சித்திக்கு அனுப்பினேன். அவர்தான் என் முதல் வாசகி, தயவுதாட்சண்யம் பார்க்காதவர். அதன் தொடக்கம் இது:

"பொழுது புலர்ந்தது. கீழ்வானம் மெல்லச் சிவக்கத் தொடங்கியிருந்தது. பறவைகள் ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டிருந்தன. கோயம்புத்தூருக்கு வந்து மூன்று நாட்கள் ஆகிவிட்டன என்பதை நினைத்துப் பார்த்தார் பெரியசாமி. 32 வருடங்கள் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அவருக்கு, எந்த வேலையும் இல்லாமல் ஒரு வீட்டில் உட்கார்ந்திருப்பது என்பது மிகவும் கடினமான ஒன்றாக இருந்தது."

இதற்கு மேலும் இரண்டு பத்தி கழித்துத்தான் வளையல் வருகிறது. ஒரு வாரம் காத்திருந்தவருக்கு நான் பறவைக் கூச்சலைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இது ஏன் நடக்கிறது என்று யோசித்தால் காரணம் எளிது. ஒரு வாரம் கதையை விட்டு விலகியிருந்தது நான். பெரியசாமி எங்கே இருக்கிறார், என்ன நிலைமை என்று எனக்குத்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அந்த நான்கைந்து வரிகளும் நான் எனக்கே எழுதிக்கொண்ட முன்கதைச் சுருக்கம். வாரப் பத்திரிகைகளில் அதைத் தனியாகக் கட்டம் கட்டிப் போடுவார்கள், வேண்டாதவர்கள் தாண்டிப் போய்விடலாம். நாம் கதைக்குள்ளேயே கலந்துவிடுகிறோம், தாண்டவும் வழியில்லை.

சித்தி மறுநாள் போன் செய்தார். "ஆரம்பம் இழுவைடா. ஆனா எல்லாரும் கார்ல ஏறினதும் அந்த மனுஷன் கார் மேல ரெண்டு தட்டு தட்டுறாரு பாரு, அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

சரி என்று உட்கார்ந்தேன். பறவைகள் போயின, கீழ்வானம் போனது. அப்புறம் சொல் அளவில் இறங்கினேன். 'தொடங்கி' என்று தேடிப் பார்த்தால் பதினோரு இடம். "நடக்கத் தொடங்கினார்", "பேசத் தொடங்கினாள்" என்று ஒன்பது இடங்களில் நடந்தார், பேசினாள் என்றாலே போதும். மழை பெய்யத் தொடங்கியது மட்டும் உண்மையிலேயே தொடக்கம், ஏனென்றால் கொடியில் துணி காய்கிறது. குழந்தை தவழத் தொடங்கியதும் அப்படித்தான். இரண்டையும் விட்டுவைத்தேன். 'என்பது', 'ஒரு விதமான', 'ஒன்றாக இருந்தது' எல்லாம் கிட்டத்தட்ட முழுதாகவே போயின. "உட்கார்ந்திருப்பது என்பது கடினமான ஒன்றாக இருந்தது" என்பதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எந்தக் கண்டக்டரும் இப்படி நினைக்க மாட்டார்.

இந்த வேகத்தில் 'விட்டார்', 'கொண்டார்' என்று முடிகிற துணைவினைகளிலும் கை வைத்தேன். அங்கே நிதானம் வேண்டும். 'அழுதாள்' வேறு, 'அழுதுவிட்டாள்' வேறு. இரண்டாவதில், அழக்கூடாது என்று அவள் அடக்கிப் பார்த்தது இருக்கிறது. அதை வெட்டினால் ஒரு அசை மட்டும் குறையாது, அவள் அடக்கியதும் சேர்ந்து போய்விடும். 'பார்த்துக்கொண்டிருந்தார்' என்பதைப் 'பார்த்தார்' ஆக்கினால் பெரும்பாலும் நல்லது, ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறொன்று நடக்கிறது என்றால் கூடாது.

1,150 சொல் 700 ஆனது. பெருமையோடு திரும்ப அனுப்பினேன். சித்தி சொன்னார்: "இப்ப வேகமா போகுது. ஆனா அந்தக் கார் தட்டுறதை ஏன்டா மாத்தினே?"

நான் அந்த வரியைத் தொடவே இல்லை. ஒரு எழுத்துகூட மாறவில்லை. "காரின் கூரையில் இரண்டு தட்டு தட்டினார்." அப்படியேதான் இருந்தது.

இரண்டு வரைவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழைய வரைவில் அதற்கு முன்னால் ஒரு சுமாரான பத்தி இருந்தது. பெரியசாமி காரைச் சுற்றி வருகிறார், கதவு மூடியிருக்கிறதா பார்க்கிறார், உள்ளே இருக்கிறவர்களை எண்ணுகிறார், பேரனின் கை வெளியே நீட்டியிருப்பதை உள்ளே தள்ளுகிறார். ஆளை வீட்டிலிருந்து காருக்குக் கொண்டுபோகிற பத்தி என்று நினைத்து மொத்தமாக எடுத்துவிட்டேன். தொடக்கத்தில் இருந்த 32 வருடக் கண்டக்டர் விவரத்தையும் முன்கதை என்று தூக்கியிருந்தேன். இரண்டும் இல்லாமல் ஒரு கிழவர் காரைத் தட்டினால், அது வெறுமனே காரைத் தட்டுவதுதான். சித்திக்குப் பிடித்தது அந்த வரி இல்லை, அந்த வரி வரும்போது அவர் மனதில் ஓடிய பஸ். அந்த பஸ்ஸை ஓட்டியவை நான் சக்கை என்று ஒதுக்கிய வாக்கியங்கள்.

வாசகர் பிடித்த இடத்தைச் சுட்டும்போது விளைவைத்தான் சுட்டுகிறார். காரணம் பத்து வரி முன்னாலோ ஒரு பக்கம் முன்னாலோ இருக்கலாம், அதை அவரால் சொல்ல முடியாது, சொல்ல வேண்டியதும் இல்லை. இப்போது நான் செய்வது இதுதான். பிடித்தது என்று சொன்ன வரிக்கு மஞ்சள் பூசுகிறேன். அங்கிருந்து பின்னோக்கிப் படித்து, இது இல்லாவிட்டால் அந்த வரி புரியுமா, உறைக்குமா என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டு, வேண்டியவற்றுக்கும் மஞ்சள் பூசுகிறேன். அதற்குப் பிறகுதான் கத்தரி. மஞ்சள் பூசியதைச் சுருக்கலாம், இடம் மாற்றலாம், தூக்கிப் போடக் கூடாது.

மூன்றாவது வரைவில் சுற்றி வரும் பத்தி முழுதாகத் திரும்பவில்லை. "காரை ஒரு சுற்று வந்து தலைகளை எண்ணினார், பேரனின் கையை உள்ளே தள்ளினார்." அவ்வளவு போதும். கண்டக்டர் விவரம் முதல் பத்திக்குள் வந்தது, ஆனால் தகவலாக இல்லை:

"ஐந்து மணிக்கே பெரியசாமி குளித்து, சட்டை மாட்டி, மகள் வீட்டுச் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். 32 வருடம் முதல் டிரிப் எடுத்த உடம்பு. போவதற்குத்தான் இடமில்லை. ராத்திரி மகள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை."

'உட்கார்ந்துவிட்டார்' என்பதில் துணைவினையை வேண்டுமென்றேதான் வைத்தேன். வளையல் நான்காவது வாக்கியத்துக்கு வந்துவிட்டது. முதல் வாக்கியத்திலேயே வைத்துப் பார்த்தேன், சண்டைக்கு இழுக்கிற மாதிரி இருந்தது, இந்த மனுஷன் அப்படிப்பட்டவர் இல்லை. மொத்தம் 740 சொல் ஆனது.

இந்த முறை சித்தி காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பறவைகள் காணாமல் போனதையும் கவனிக்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். வளையலை அடகு வெச்சிருக்காரா, வித்துட்டாரா? அதை முதல்ல சொல்லு."

ஐந்தாம் பகுதிக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.