பாலைக் கால்வாசிக்கு வத்த வைக்கலாமா?

“1 லீட்டர் பாலைக் கால்வாசிக்கு வத்த வைங்க, மேல பால்மாவும் போடுங்க. குல்பியில ஐஸும் இருக்காது, மணல் மாதிரி நறநறப்பும் இருக்காது.”

பாதி சரி தங்கச்சி. தண்ணி குறைஞ்சா ஐஸ் குறையும்தான். ஆனா மணலைக் கொண்டுவாறதே அந்தக் கால்வாசிதான். பாலுக்குள்ள லாக்டோஸ் என்று ஒரு சீனி, லீட்டருக்கு 45 கிராமுக்கு மேல. அது லேசில கரையாது. கால்வாசியில மிஞ்சுற தண்ணி அதைத் தாங்காம, ஃப்ரீஸரில குருணையாப் படியும். பால்மாவிலும் அதேதான் நிறைய.

நாக்கில வச்சுப் பாருங்க. ஐஸ் உடனே கரையும், மணல் கொஞ்ச நேரம் உறுத்திக்கிட்டே கிடக்கும்.

அட்டனில நான் செய்யிறது: அடிகனத்த சட்டி, சின்னத் தீ, ஆடையைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளி 1 லீட்டரை 450 மில்லியோட நிறுத்துவேன். சீனி 65 கிராம். குளிர்ந்த தண்ணியில சட்டியை வச்சு (எங்க குழாய்த் தண்ணியே போதும்!) ஆறவிட்டு, சின்ன அச்சில ஊத்தி, மூடி, ஃப்ரீஸரின் ஆக உள்ளே. சீக்கிரம் உறைஞ்சா ஐஸ் பொடியா நிற்கும்.

பண்டாரவளை அண்ணே, உங்க குல்பி ஐஸானதுக்குக் காரணம் வேற. கரண்ட் போய் இளகி மறுபடி உறைஞ்சா எந்தக் குல்பியும் ஐஸாகும். பாண் தூள் சேர்த்தா தடுக்குமா என்று கேட்டீங்க. நான் போட்டதில கெட்டியாச்சு, ருசி மட்டும் போச்சு.