கோடு தட்டையாகக் கிடந்தால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமா?

எங்கள் டீமில் பத்து வேலைநாள் ஸ்பிரின்ட். போன மாதம் ஒன்றை 40 பாயின்ட் வேலையோடு ஆரம்பித்தோம். இரண்டாம் நாள் முடிவில், மீதி வேலையைக் காட்டும் பர்ன்டவுன் கோடு 34-ல் இருந்தது. மூன்றாம் நாளும் 34, நான்காம் நாளும் 34. ஐந்தாம் நாள் ஸ்டாண்டப்பில் மேனேஜர் திரையைக் காட்டிக் கேட்டார்: "ரெண்டு நாளா யாருமே வேலை பார்க்கலையா?"

உண்மையில் அந்த ஸ்பிரின்டில் அதுவரை அதிகம் முடித்தது அந்த இரண்டு நாளில்தான். மூன்றாம் நாள் 3 பாயின்ட், நான்காம் நாள் 5. ஆனால் லைவில் வந்த இரண்டு பிரச்சினைகளை அதே நாட்களில் உள்ளே தள்ளியிருந்தார்கள், அவையும் 3, 5 பாயின்ட். முடித்ததும் சேர்ந்ததும் சமமாகிப்போக, கோடு நகரவில்லை. பர்ன்டவுனுக்கு மீதி எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும், அந்த மீதி எப்படி வந்தது என்று தெரியாது. நாங்கள் வேலையைப் பதிவு செய்யும் ஜிராவில், படத்துக்குக் கீழே இருக்கும் அட்டவணையில் இப்படி இடையில் சேர்ந்தது Scope change என்று தனியாக வரும். அதுவரை ஸ்க்ரோல் பண்ணிப் பார்ப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, அப்படியானால் நாங்கள் நேரத்துக்கு முடித்திருப்போமா? அதுவும் இல்லை. ஆறாம் நாள் மாலை மீதி 28. நாளுக்கு நாள் சமமாக இறங்கும் வழிகாட்டிக் கோட்டின்படி 16 இருக்க வேண்டும். வெறும் படத்தைப் பார்த்தால் ஆறு நாளில் 12 பாயின்ட், நாளுக்கு இரண்டு. சேர்ந்த எட்டையும் கணக்கில் எடுத்தால் முடித்தது 20, அதாவது நாளுக்கு மூன்றேகால் சொச்சம். இந்த வேகத்தில் மிச்ச நான்கு நாளில் இன்னொரு 13 முடியும். 15 நிச்சயமாக நிற்கும்.

அப்புறம் போர்டைப் பார்த்தேன். ஸ்டோரி என்று நாங்கள் சொல்லும் வேலைகளில் இரண்டு, 8 பாயின்டும் 5 பாயின்டும், கோடிங் முடிந்து டெஸ்டிங்கில் காத்திருந்தன. கடைசிக் கட்டத்துக்குப் போகும்வரை ஜிரா ஒரு பாயின்டைக்கூடக் கழிக்காது. எங்களுக்கு இருப்பது ஒரே டெஸ்டர். ஆக, மிச்ச நாட்களில் கோடு இறங்குவது அவர் கையில்தான். இன்னும் நாலு பேர் ராத்திரி உட்கார்ந்து கோட் எழுதினால் அவர் மேஜையில் வரிசை நீளுமே தவிர, கோடு இறங்காது. (மேனேஜர் சொன்ன தீர்வு அதுதான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

மீதி 15-ம் தலா ஐந்து பாயின்டில் மூன்று ஸ்டோரிகள். அதில் யாரும் தொடாத இரண்டை அடுத்த ஸ்பிரின்டுக்குத் தள்ளிவிடலாம் என்று அன்று மாலையே புராடக்ட் ஓனரிடம் பேசினேன். ஒத்துக்கொண்டார். கடைசியில் டெஸ்டிங்கில் இருந்த இரண்டும் முடிந்தன, ஒரு ஸ்டோரி நின்றது.

ஏழாம் நாள் காலை, யாரும் தொடாத அந்த இரண்டையும் வெளியே எடுத்ததும் கோடு 28-லிருந்து 18-க்கு ஒரே செங்குத்தாக விழுந்தது. பத்து நிமிஷத்தில் குரூப்பில் மேனேஜரிடமிருந்து கட்டைவிரல் வந்தது: "இந்த ஸ்பீடுதான் வேணும், கீப் இட் அப்." அப்போது ஒருவரும் ஒரு ஸ்டோரியையும் முடித்திருக்கவில்லை. டெஸ்டர் இன்னும் ஆபீஸுக்கே வரவில்லை.