இரண்டு தாத்தா சேர்ந்தால் சரிதான்

(பேத்தி ஒரு தாளை நீட்டுகிறாள். அதில் இருப்பது இதுதான்.)

```
     தா  த்  தா
 +   தா  த்  தா
 ---------------
 ச   ரி  தா  ன்
```

பேத்தி: தாத்தா, இந்தக் கூட்டலில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் இலக்கத்தைக் குறிக்கிறது. ஒரே எழுத்துக்கு எங்கும் ஒரே இலக்கம், வெவ்வேறு எழுத்துகளுக்கு வெவ்வேறு இலக்கம், எந்தச் சொல்லும் பூச்சியத்தில் தொடங்கக் கூடாது.

தாத்தா: இரண்டு தாத்தாக்களைக் கூட்டினால் "சரிதான்" என்று விடை வருகிறதா? உன் பாட்டி நாற்பது வருடங்களாக ஒரு தடவைகூட எனக்கு அந்த விடையைச் சொன்னதில்லையே! போகட்டும், "தா" என்பதை 2 என்று வைத்துப் பார்க்கிறேன்.

பேத்தி: ஏன் 2?

தாத்தா: எனக்குப் பிடித்த எண்.

பேத்தி: நூறாம் இடத்தில் இரண்டும் இரண்டும் நான்கு, கீழிருந்து ஒன்று ஏறி வந்தாலும் ஐந்து, அப்புறம் ஆயிரம் எங்கிருந்து வரும்? "தா" குறைந்தது 5 ஆக இருந்தால்தான் விடைக்கு நான்காவது இலக்கம் கிடைக்கும். அதுவும் நூறாம் இடத்திலிருந்து கைமாறி வருவது என்பதால் 1-க்கு மேல் போகாது. ஆகவே "ச" 1.

தாத்தா: அப்படியானால் "தா" 5, 6, 7, 8, 9 என்று ஐந்தையும் போட்டுப் பார்த்துவிடலாம். தாள் நிறைய இருக்கிறது.

பேத்தி: தாளை மிச்சப்படுத்துங்கள். ஒன்றாம் இடத்தில் "தா"வும் "தா"வும் கூடினால் எப்படியும் பத்தைத் தொட்டுவிடும். ஆகவே "ன்" எதுவானாலும் பத்தாம் இடத்துக்குக் கையில் ஒன்று நிச்சயம். அங்கே "த்" இரண்டு முறை வருவதால் கூட்டுத்தொகை இரட்டைப்படை. கையிலிருக்கும் ஒன்றைச் சேர்த்தால் ஒற்றைப்படை. அந்த இடத்தில் விடையாக எழுதியிருக்கும் எழுத்தைப் பாருங்கள்.

தாத்தா: "தா"! ஆக நான் ஒற்றைப்படை. 6, 8 இரண்டும் போயின. 5, 7, 9 மீதி. அதில் 5 என்றே வைத்துக்கொள்கிறேன். "த்" 2 என்றால் இரண்டும் இரண்டும் நான்கு, கையில் ஒன்று, ஐந்து. பொருந்திவிட்டது பார்!

பேத்தி: 525-உம் 525-உம் 1050. "ரி" பூச்சியம், "ன்" பூச்சியம். இரண்டு எழுத்துகளுக்கு ஒரே இலக்கம் வந்துவிட்டதே.

தாத்தா: ஒருவேளை அவர்கள் உறவினர்களோ?

பேத்தி: அந்த இடத்தில்தான் இந்தப் புதிரின் முடிச்சு இருக்கிறது, தாத்தா. ஒன்றாம் இடத்திலும் நூறாம் இடத்திலும் நாம் கூட்டுவது அதே "தா"வையும் "தா"வையும்தான். பத்தாம் இடத்திலிருந்து நூறாம் இடத்துக்கு ஒன்றும் ஏறவில்லை என்றால், "தா" எந்த இலக்கமாக இருந்தாலும் "ரி"யும் "ன்"னும் ஒன்றாகிவிடும். அவை வேறுபட வேண்டுமானால் அங்கிருந்து ஒன்று ஏறியே தீர வேண்டும்.

தாத்தா: (கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு) அப்படியானால் பத்தாம் இடத்தின் கூட்டுத்தொகை வெறும் "தா" அல்ல, பத்தும் "தா"வும். "தா" 5 என்றால் 15, கையிலிருந்த ஒன்றைக் கழித்தால் 14, "த்" 7. பிடித்துவிட்டேன்!

பேத்தி: நூறாம் இடத்தையும் கூட்டிவிட்டுக் கொண்டாடுங்கள்.

தாத்தா: ஐந்தும் ஐந்தும் பத்து, ஏறிய ஒன்று சேர்ந்து பதினொன்று. "ரி" 1. அட, "ச"வும் 1 ஆயிற்றே. சரி, 9 என்று வைத்தால் 19, ஒன்று போக 18, பாதி 9. "த்", "தா" இரண்டும் 9. இதற்காவது அவர்கள் உறவினர்கள் என்று ஒப்புக்கொள்ளேன், புள்ளியும் காலும்தானே வித்தியாசம்?

பேத்தி: புள்ளி வைத்தால் வேறு எழுத்து. 7-ஐப் பாருங்கள்.

தாத்தா: 17-இல் ஒன்று போக 16, "த்" 8. நூறாம் இடத்தில் பதினைந்து, "ரி" 5. ஒன்றாம் இடத்தில் பதினான்கு, "ன்" 4. ஆக 787-உம் 787-உம் 1574. ஐந்து எழுத்து, ஐந்து இலக்கம், ஒன்றோடொன்று மோதவில்லை.

பேத்தி: சரிதான்!

தாத்தா: இரு, நானும் உனக்கு ஒரு புதிர் போடுகிறேன். "பாப்பா"வும் "பாப்பா"வும் சேர்ந்தால் "சரிபார்".

பேத்தி: (பென்சிலை எடுத்து) முதலில் "ச" 1. ஒன்றாம் இடத்தில்...

தாத்தா: பென்சிலைக் கீழே வை. எழுத்துகள் எந்தெந்த இடத்தில் திரும்ப வருகின்றன என்று மட்டும் பார்.

பேத்தி: (சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு) தாத்தா, நானும் 787!