புளி, ஃபுளோரைடு, ஒரு ‘ஐரோப்பிய ஜர்னல்’

“ஐரோப்பிய ஜர்னலில் வந்த ஆய்வுங்க” என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், எந்த வாட்ஸப் செய்திக்கும் நம் ஊரில் தனி மரியாதை வந்துவிடுகிறது. போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருக்கும் தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் குழுக்களில் இப்போது சுற்றுவது இது: தினமும் புளி சேர்த்துக்கொண்டால் உடம்பில் தங்கிய ஃபுளோரைடு முழுக்கச் சிறுநீரில் போய்விடும், பல் கறை மறையும், மூட்டுவலி தீரும், ஒகேனக்கல் தண்ணீருக்காகக் காத்திருக்க வேண்டாம், போர் தண்ணீரே போதும்.

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். இதைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், அந்த ஆய்வு பொய் இல்லை என்பதுதான். நிஜமாகவே இருக்கிறது. பொய் ஆய்வைப் பிடிப்பது சுலபம். தேடினால் கிடைக்காது, கதை முடிந்தது. நிஜ ஆய்வின் தலையில் அது சொல்லாததை ஏற்றி அனுப்பும்போதுதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். அதுவும் கிருஷ்ணகிரிப் புளி மண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு, புளியைப் பற்றி நல்லதாக யார் சொன்னாலும் நம்ப ஆசையாகத்தான் இருக்கும்!

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் PubMed என்ற தளத்தில் இப்படித் தேடினால் கட்டுரை வந்துவிடும்:

```
tamarind fluoride excretion humans
```

2002-ல் European Journal of Clinical Nutrition இதழில் வந்தது. எழுதியவர்கள் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்காரர்கள். ஆக, ‘ஐரோப்பிய’ என்பது இதழ் மட்டும்தான். ஆய்வு நடந்தது இந்தியாவில், ஒரு சமூக நலத்துறை விடுதிப் பள்ளியில்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி, “சக மதிப்பாய்வு ஆனதா?” ஆனதுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு நாம் கொடுக்கும் கனம் அதிகம். கட்டுரை வந்ததும் இதழின் ஆசிரியர் அதை அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். முறை சரியா, கணக்கு பொருந்துகிறதா, தரவு தாங்கும் அளவைத் தாண்டி முடிவு சொல்லியிருக்கிறார்களா என்று அவர்கள் பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஆய்வைத் திரும்பச் செய்து பார்க்க மாட்டார்கள். நாளைக்கு அதை யாரோ தர்மபுரியில் எப்படித் திரித்து அனுப்புவார்கள் என்பதும் அவர்கள் கவலை இல்லை. மோசமான கட்டுரையில் கொஞ்சத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலை அது. உண்மை என்று முத்திரை குத்தும் வேலை இல்லை.

வாசலே இல்லாத ஜர்னல்களும் நிறைய. 2013-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே பெரிய பெரிய ஓட்டைகளோடு ஒரு போலி மருந்து ஆய்வை எழுதி, இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. நம் நாட்டிலும் 2018-ல் யுஜிசி தன்னுடைய அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 ஜர்னல்களை நீக்கியது. அதற்குப் பிறகு வந்த கேர் பட்டியலையும் 2025-ல் கைவிட்டுவிட்டார்கள். அதனால் ‘யுஜிசி அங்கீகாரம் பெற்றது’ என்று அட்டையில் போட்டிருந்தால், எந்த வருஷத்து அங்கீகாரம் என்று கேளுங்கள். இன்னொன்றும் பாருங்கள். பல ஜர்னல்களில், கட்டுரை எப்போது வந்தது, எப்போது திருத்தப்பட்டது, எப்போது ஏற்கப்பட்டது என்ற தேதிகள் முதல் பக்கத்திலேயே இருக்கும். திங்கள்கிழமை வந்து வியாழக்கிழமை ஏற்கப்பட்டிருந்தால் அதை யாரும் உட்கார்ந்து படித்திருப்பார்கள் என்று நான் நம்ப மாட்டேன்.

நல்ல ஜர்னலில் வந்தது எல்லாமும் மதிப்பாய்வு ஆனதில்லை. தலையங்கம், வாசகர் கடிதம், மாநாட்டுச் சுருக்கம் என்று எல்லாமே அதே இதழில், அதே எழுத்துருவில்தான் அச்சாகும். எந்த வகை வெளியீடு என்று பார்க்காமல் ஜர்னல் பெயரை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது என்பது இதனால்தான். PubMed-ல் சுருக்கத்துக்குக் கீழே ‘Publication types’ என்று ஒரு பகுதி இருக்கும். என் கண் முதலில் அங்கேதான் போகும்.

நம் புளிக் கட்டுரை வாசகர் கடிதம் இல்லை, ஒழுங்காகச் செய்த உணவுச் சோதனை. ஆரோக்கியமான 20 சிறுவர்களைச் சேர்த்தார்கள், 18 பேர் கடைசிவரை இருந்தார்கள். மதியச் சாப்பாட்டோடு தினமும் 10 கிராம் புளி, மொத்தம் 18 நாள். ஒரு நாள் முழுக்கச் சேகரித்த சிறுநீரில் எவ்வளவு ஃபுளோரைடு வெளியேறுகிறது என்று அளந்தார்கள். புளி இல்லாதபோது சராசரி 3.5 மில்லிகிராம், புளியோடு 4.8 மில்லிகிராம். கூடியிருப்பது உண்மை. அது தற்செயலாக வந்த வித்தியாசமாகவும் தெரியவில்லை.

இப்போது பார்வர்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆய்வில் இருந்தவர்கள் ஆரோக்கியமான சிறுவர்கள். மூட்டு இறுகிப்போன ஐம்பது வயதுக்காரர் யாரும் அதில் இல்லை. அளந்தது சிறுநீர், பல்லும் இல்லை, எலும்பும் இல்லை. பல் கறை என்பது சின்ன வயதில் எனாமல் உருவாகும்போதே அதற்குள் ஏற்பட்டுவிடும் கோளாறு. வளர்ந்த பிறகு எதைச் சாப்பிட்டாலும் அது உள்ளேயிருந்து மாறாது. ஃபுளோரைடால் வரும் நோய் முற்றுவதைத் தள்ளிப்போட புளி உதவக்கூடும் என்ற அளவில்தான் ஆய்வாளர்களே முடித்திருக்கிறார்கள். ‘தீரும்’ என்ற சொல்லை நடுவில் யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

பார்வர்டில் விட்டுப்போன ஒரு விஷயம் கட்டுரையின் சுருக்கத்திலேயே இருக்கிறது. புளி சாப்பிட்ட நாட்களில் சிறுநீரில் மெக்னீசியமும் துத்தநாகமும் வெளியேறுவது குறைந்திருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். ஆனால் ஃபுளோரைடு மட்டும் தனியாக அசைவதில்லை, மற்றவையும் கூடவே அசைகின்றன என்று அது காட்டுகிறது. நல்ல செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை வெட்டிவிட்டவர் கட்டுரையைப் படித்துவிட்டு வெட்டினாரா, படிக்காமலே வெட்டினாரா என்று தெரியாது.

ஒரு சின்னக் கணக்கும் போடலாம். உங்கள் போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளைக்கு 3 லிட்டர் குடித்தால் 9 மில்லிகிராம் உள்ளே போகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள தண்ணீருக்கு மாறினால் உள்ளே போவது 3 மில்லிகிராம். தண்ணீரை மாற்றியதில் மட்டும் 6 மில்லிகிராம் குறைந்தது. புளி வெளியேற்றியது, அந்த ஆய்வின்படி, கூடுதலாக 1.3. விடுதிச் சிறுவர்களின் எண்ணை அப்படியே பெரியவர்களுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் எது முதல் வேலை, எது துணை வேலை என்று இதிலேயே தெரிகிறது.

எழுதியவர்களின் தகுதியைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். ஊட்டச்சத்து நிறுவனத்து ஆட்கள், சிறுநீர் ஆய்வும் உணவுக் கட்டுப்பாடும் அவர்களுக்குக் கைவந்த வேலை. அதே குழுவினர் 2004-ல் Nutrition இதழில் அடுத்த ஆய்வையும் வெளியிட்டார்கள். இந்த முறை ஃபுளோரைடு பாதித்த பகுதியில் இருக்கும் வளரிளம் பையன்கள். அங்கே அவர்கள் புளியைத் தனியாகச் சோதிக்கவில்லை. ஃபுளோரைடு நீக்கிய தண்ணீர் கொடுத்து, அதற்கு மேல் புளியால் கூடுதல் பலன் உண்டா என்று பார்த்தார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இது இருக்கிறது. துறை தெரிந்தவர்கள் தண்ணீரை முதலிலும் புளியை அடுத்ததாகவும் வைக்கிறார்கள். பார்வர்டு தண்ணீரே வேண்டாம் என்கிறது.

அந்தப் பார்வர்டின் அடியில் ஒரு ‘டாக்டர்’ பெயரும் இருந்தது. விசாரித்ததில் அவருடைய முனைவர் பட்டம் வணிகவியலில். அவரைக் குறை சொல்லவில்லை, புளி விலையைப் பற்றி எழுதியிருந்தால் முதல் ஆளாகப் படித்திருப்பேன்.

அப்புறம், “2002-ல் வந்ததா? இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சே, பழசு” என்று தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. பழசாகும் வேகம் விஷயத்துக்கு விஷயம் மாறும். உடம்பு ஃபுளோரைடை வெளியேற்றும் விதம் இருபது வருஷத்தில் மாறிவிடாது. அந்த ஆய்வை யாராவது பெரிய அளவில் திரும்பச் செய்தார்களா, மறுத்தார்களா என்று பார்த்தால் போதும். அதே PubMed பக்கத்தில் ‘Cited by’ என்ற இடத்தில் அதைத் தேடலாம். குடிநீர் தரநிலைக்கு வேறு கணக்கு. இப்போதைய இந்தியத் தரம் IS 10500, 2012-ல் வந்த பதிப்பு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாதபோது 1.5 வரை என்கிறது. இதற்கு 1991 பதிப்பை எடுத்துக் காட்டுவதில் அர்த்தமில்லை, புதுசு வந்தால் பழசு செல்லாது.

எல்லாவற்றையும்விட வேகமாகப் பழசாவது நம் ஊர்க் கிணற்று எண்கள்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல். அதற்கு முன் எடுத்த மாதிரிகளை வைத்து எழுதிய கட்டுரையைக் காட்டி “இன்றைக்கு இந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு ஃபுளோரைடு குடிக்கிறார்கள்” என்று பேசுவது தவறு. பாறைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அந்தக் கட்டுரை இன்னும் உதவும், குழாயில் என்ன வருகிறது என்பதற்கு உதவாது. கட்டுரை வெளியான வருஷத்தைப் பார்க்காதீர்கள், மாதிரி எடுத்த வருஷத்தையும் மாதத்தையும் பாருங்கள். அது ‘முறைகள்’ பகுதியில் இருக்கும். 2016-ல் அச்சான கட்டுரைக்கு 2010 கோடையில் தண்ணீர் எடுத்திருக்கலாம். கோடையில் எடுத்த எண்ணும் மழைக்குப் பின் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. போரை இன்னும் ஆழப்படுத்தியிருந்தால் தண்ணீர் வரும் பாறையே வேறாகியிருக்கும்.

உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு ஜர்னலே வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்த ஒரு பக்க ரிப்போர்ட் எந்தச் சக மதிப்பாய்வும் ஆகாதது. ஆனாலும் உங்கள் போரைப் பற்றிய கேள்விக்கு ஐரோப்பிய ஜர்னலைவிட அதுதான் நல்ல ஆதாரம், தேதி புதிதாக இருந்தால்.

கமெண்டில் “அப்படியானால் புளி வேண்டாமா?” என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ரசம் தாராளமாக வையுங்கள், நானும் சாப்பிடுகிறேன். மருந்து என்று சொல்வதானால் எனக்கு வேறு ஆய்வு வேண்டும். எலும்புப் பாதிப்பு உள்ள பெரியவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும். இரண்டு பிரிவுக்கும் ஒரே நல்ல தண்ணீர், ஒரு பிரிவுக்கு மட்டும் புளி. பதினெட்டு நாள் போதாது, வருஷக் கணக்கில் போக வேண்டும். கடைசியில் சிறுநீரோடு சேர்த்து வலியையும் நடையையும் எக்ஸ்ரேயையும் அளந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் லிங்க்கை இங்கேயே போடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம்.