புதிய கேப்ஷனுக்கு முன் பழையவை மூன்று

சிறு வியாபாரிகளின் இன்ஸ்டாகிராம், முகநூல் பக்கங்களுக்கு கேப்ஷன் எழுதிக் கொடுப்பது புதுச்சேரியில் எனக்குப் பகுதிநேரத் தொழில். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் "சிம்பிளா, ஃபிரெண்ட்லியா இருக்கணும்" என்றுதான் சொல்கிறார்கள். இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு என்னால் எதையும் எழுத முடியாது என்பதே என் கருத்து. துணிக்கடைக்காரர் நினைக்கும் சிம்பிளும் மீன் விற்பவர் நினைக்கும் சிம்பிளும் வேறு வேறு. ஆகவே, அவர்களே கைப்பட எழுதிய பழைய கேப்ஷன்கள் மூன்றை முதலில் கேட்கிறேன். அவற்றைப் படித்த பிறகுதான் புதியவற்றை எழுதத் தொடங்குகிறேன்.

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் வீடுகளுக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கும் அக்கா ஒருவர், மீன்பிடித் தடைக்காலம் முடிவதை அறிவிக்க கேப்ஷன் கேட்டிருந்தார். மாதிரி எதையும் பார்க்காமல் யார் எழுதினாலும் "கடலின் புத்துணர்ச்சி இனி உங்கள் வீட்டு வாசலில்!" என்ற வகையில்தான் வரும். அதில் தவறு ஒன்றுமில்லை, ஆனால் அதை எந்த மீன் கடையும் போட்டுக்கொள்ளலாம். அவர் அனுப்பிய மூன்று பழைய கேப்ஷன்கள் இவை:

"சங்கரா கொஞ்சம்தான் வந்திருக்கு. சின்ன சைஸ். குழம்புக்கு நல்லா இருக்கும், வறுவலுக்கு வேணாம்."

"காத்து ஜாஸ்தி. போட்டு போகல. நாளைக்குச் சொல்றேன்."

"நெத்திலி கேட்டவங்களுக்கு வந்துருச்சு. ஆஞ்சு தர ஆளில்ல, நீங்கதான் ஆஞ்சுக்கணும்."

மூன்றிலும் செய்தி வேறு, நாள் வேறு. அப்படியிருந்தும் பொதுவாக நிற்பவை சில உண்டு. வாக்கியங்கள் மிகக் குட்டையானவை. ஆச்சரியக்குறி ஒன்றுகூட இல்லை. மீனைப் பெரிதாகப் புகழ்வதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, குறையை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். சிறிய சைஸ், காற்று, ஆள் இல்லாமை என்று வாடிக்கையாளர் பிறகு கண்டுபிடிக்கக்கூடியதை முன்கூட்டியே வைத்துவிடுவதுதான் அவர் பேச்சின் அடையாளம். "ஃபிரெண்ட்லியா" என்ற சொல்லிலிருந்து இதை ஒருபோதும் ஊகித்திருக்க முடியாது. அவரிடமே கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், ஏனெனில் தாம் அப்படி எழுதுகிறோம் என்பது அவருக்கே தெரியாது.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். அது முடிந்ததும் போடுவதற்காக நான் எழுதித் தந்தவற்றில் இரண்டு:

"தடை முடிஞ்சுது. போட்டு ராத்திரியே போயிருக்கு. என்ன மீனுன்னு கரைக்கு வந்தாத்தான் தெரியும்."

"நாளையிலேருந்து மீன் உண்டு. மொத ரெண்டு நாள் விலை கூடுதலா இருக்கும். அவசரம் இல்லாதவங்க பொறுத்து வாங்குங்க."

இரண்டாவதை அவர் ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டார். முதலாவதில் "முடிஞ்சுது" என்பதை மட்டும் "முடிஞ்சிருச்சு" என்று திருத்தினார். "வந்துருச்சு" என்று எழுதுபவர் அப்படித்தான் திருத்துவார்.

மூன்று என்ற கணக்குக்குக் காரணம் இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்தால், எது அவருடைய நடை, எது அன்றைய செய்தி என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டு ஒத்திருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். மூன்றிலும் ஒன்று தொடர்ந்து வந்தால் அதை நம்பலாம். ஆனால் மூன்றும் வெவ்வேறு சந்தர்ப்பங்களில் எழுதியவையாக இருக்க வேண்டும். மூன்று பொங்கல் வாழ்த்துகளை அனுப்பினால் எனக்குக் கிடைப்பது பொங்கல் வாழ்த்தின் நடையே தவிர, அனுப்பியவரின் நடை அல்ல. அதிக லைக் வாங்கியவற்றைப் பொறுக்கி அனுப்புவதும் உதவாது. அந்த லைக் படத்துக்கு விழுந்ததாக இருக்கலாம், கேப்ஷனே வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்டதாகவும் இருக்கலாம். அவசரத்தில், யோசிக்காமல் தட்டியவையே எனக்கு வேண்டியவை.

மாதிரியை அளவுக்கு மீறிப் பின்பற்றுவதும் கெடுதல். "நாளைக்குச் சொல்றேன்" என்பது மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது; புதியவை எல்லாவற்றிலும் அது தலைகாட்டினால், எழுதியவர் நடையைப் பிடிக்காமல் ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டார் என்று பொருள். கேட்காத இடத்தில் சங்கராவும் நெத்திலியும் வந்து நிற்பதும் இதே கோளாறுதான். இதற்காகவே புதிய பதிவுக்கான விவரங்களை, அதாவது தேதி, விலை, என்ன மீன் என்பவற்றை, மாதிரிகளோடு கலக்காமல் தனியாக எழுதித் தரச் சொல்கிறேன்.

பொருந்தியதா என்று பார்க்க, பழைய மூன்றோடு புதிய இரண்டைக் கலந்து, வழக்கமாக அவரிடம் வாங்கும் ஒருவரிடம் கொடுத்து, எவை புதியவை என்று எடுக்கச் சொல்லலாம். உடனே எடுத்துவிட்டால் திரும்ப எழுத வேண்டியதுதான். இந்த முறை எட்டாத இடமும் உண்டு: கடலில் ஒருவர் இறந்துபோன நாளில் அந்த அக்கா எப்படி எழுதுவார் என்பதை இந்த மூன்றிலிருந்து என்னால் கணிக்க முடியாது, அப்படி ஒரு கேப்ஷனை எழுதித் தர ஒப்புக்கொள்ளவும் மாட்டேன்.