பவளக்கல் மண்டபமும் சிமெண்ட் பூச்சும்

"சரிந்த மண்டபத்தைப் பழுதுபார்ப்பதா, புதிதாகவே கட்டிவிடுவதா?"

ராமநாதபுரம் கடற்கரையில், பவளப்பாறையிலிருந்து வெட்டிய கல்லால் கட்டிய மண்டபம் ஒன்றைப் பார்வையிட வந்த கட்டடக்கலை மாணவர் இருவர் இதற்காகவே வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். "தூண் பாதி மாவாகிவிட்டது, கான்கிரீட்டில் எழுப்பிவிடலாம்" என்றான் அவன். அவளோ கற்களுக்கு இடையே இருந்த ஓர் இணைப்பைத் தொட்டுக் காட்டினாள்: பிற்காலத்தில் பூசிய சிமெண்ட் விளிம்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, அதைச் சுற்றியிருந்த கல் விரல் பட்டதும் உதிர்ந்தது. சுண்ணாம்புச் சாந்தின் வழியே வெளியேறி உலர்ந்திருக்க வேண்டிய உப்பு ஈரத்தைச் சிமெண்ட் அடைத்துவிட்டதால், உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைத்திருக்கிறது என்றாள். "உன் கான்கிரீட்டின் கம்பியை மட்டும் இந்த உப்பு விட்டுவைக்குமா?"

அவன் மடங்கவில்லை, பவளப்பாறையை வெட்டுவது சட்டப்படி குற்றமாயிற்றே, மாற்றுக் கல்லுக்கு எங்கே போவாய் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். விழுந்து கிடப்பவற்றுள் அழுத்தினாலும் உதிராத கற்களை எண்ணிட்டு எடுத்து, சுண்ணாம்புச் சாந்தில் மீண்டும் அடுக்கி, குறைகிற இடத்தை மட்டும் மணற்கல்லால் நிரப்பலாம் என்றாள். அடித்தளம் மணலில் இறங்கியிருந்தால் அதுவும் நிற்காது; இருவருமே அங்கே தோண்டிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கிருக்கும் மனக்குறை.